35 × 35 எப்படி 1225 ஆகிறது? வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். எழுத்துப் பாடம் முடிந்ததும் கடைசி இருபது நிமிடம் மனக்கணக்கு. அதில் ஐந்தில் முடியும் எண்களின் வர்க்கத்தைத் தொட்டால் போதும், அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். பிள்ளைகள் கேட்பது போக, கூட்டிப்போக வரும் அம்மாக்கள், பக்கத்துக் கடைக்காரர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தா என்று எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. இங்கே பள்ளியில் ஆசிரியையை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், பிள்ளைகள் என்னையும் அப்படியே கூப்பிடுகிறார்கள்.

சயாமா, அந்த 35 கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்க. எப்படிச் செய்யணும்?

35-இல் கடைசி 5-ஐ விரலால் மூடிக்கொள். மீதி தெரிவது 3. அதற்கு அடுத்த எண் 4. மூன்று நான்கு பன்னிரண்டு. அந்த 12-க்குப் பின்னால் 25-ஐ எழுது. 1225. அவ்வளவுதான்.

65 என்றால் ஆறு ஏழு நாற்பத்திரண்டு, விடை 4225. 85 என்றால் எட்டு ஒன்பது எழுபத்திரண்டு, 7225. வெறும் 5-க்கும் இது பொருந்தும்: முன்னால் ஒன்றும் இல்லை, அதாவது 0. 0 × 1 = 0, பின்னால் 25.

மத்ததெல்லாம் டக்குனு சொல்றான், 95 மட்டும் வரமாட்டேங்குது. ஏன்?

கணக்கில் பார்த்தால் 95 மிகவும் எளிது. 9 × 10 = 90, பின்னால் 25, ஆக 9025. தடுமாற்றம் கணக்கில் இல்லை, பேரில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். முப்பதில் மூன்று கேட்கிறது, எழுபதில் ஏழு கேட்கிறது. தொண்ணூறில் ஒன்பது கேட்கவில்லை, நூறுதான் கேட்கிறது. பர்மிய மொழியிலோ அதை 'ஒன்பது-பத்து-ஐந்து' என்று நேராகச் சொல்கிறார்கள். பள்ளியில் அப்படி எண்ணிவிட்டு இங்கே வந்து தமிழில் கேட்டால் பிள்ளை ஒரு கணம் நின்றுவிடுகிறது. எண்ணாக எழுதிக் காட்டினால் உடனே சொல்லிவிடும். இன்னொன்றும் நடக்கும். 90-இல் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 925 என்பார்கள். 95 × 95 கிட்டத்தட்ட நூறு நூறு, அதாவது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும். 925 அதன் பக்கத்திலேயே இல்லை.

எதுக்கு அடுத்த எண்ணால பெருக்கணும்? மூணையும் மூணையும் பெருக்கிட்டு 25 போட்டா என்ன?

போட்டால் 925 வரும். அதில் முந்நூறு காணாமல் போயிருக்கிறது. அது எங்கே போனது என்பதைத் தேடினால் இந்தக் கணக்கு முழுவதும் புரிந்துவிடும்.

35 என்பது 30-உம் 5-உம். கட்டம் போட்ட தாளில் பக்கத்துக்கு 35 கட்டம் வருமாறு ஒரு சதுரம் வெட்டினோம். மேலிருந்து 30-ஆவது கட்டத்திலும் இடமிருந்து 30-ஆவது கட்டத்திலும் கோடு இழுத்தால் அது நான்கு துண்டாகப் பிரியும். ஒரு பெரிய சதுரம் 30 × 30 = 900 கட்டம். ஓரத்தில் இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 30 × 5 = 150. மூலையில் குட்டிச் சதுரம் 5 × 5 = 25. மூணையும் மூணையும் பெருக்கி 25 போட்டவர் பெரிய சதுரத்தையும் குட்டிச் சதுரத்தையும் மட்டும் எண்ணியிருக்கிறார். பட்டைகள் இரண்டும் விட்டுப்போயின. இரண்டும் சேர்ந்து 300. ஒன்பது நூறோடு இந்த மூன்று நூறைச் சேர்த்தால் பன்னிரண்டு நூறு. மூன்று மூன்றுகளோடு இன்னொரு மூன்று சேர்ந்தால் நான்கு மூன்றுகள் ஆகும், அதாவது 3 × 4. 'அடுத்த எண்' வந்த வழி இதுதான்.

கத்தரிக்கோலால் செய்தால் இன்னும் தெளிவு. சதுரத்தின் வலது ஓரத்தில் 5 கட்ட அகலப் பட்டையை மேலிருந்து கீழ்வரை முழுதாக வெட்டுங்கள். மீதி 30 அகலம், 35 உயரம். வெட்டிய பட்டையைப் படுக்க வைத்து மீதித் தாளின் அடியில் ஒட்டுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இப்படி ஒட்டிவிட்டு, 'சயாமா, தப்பா வெட்டிட்டேன், நீட்டிக்கிட்டு நிக்குது' என்று அழாக்குறையாக வந்தான். அவன் வெட்டியது சரிதான். பட்டையின் நீளம் 35, தாளின் அகலம் 30. நீட்டிக்கொண்டு நின்றது 5 × 5 துண்டு. அதை நறுக்கி எடுத்தால் கையில் இருப்பது 30 அகலம் 40 உயரமுள்ள ஒழுங்கான செவ்வகம், 1200 கட்டம். நறுக்கிய துண்டு 25 கட்டம்.

படம் சரி. ஆனா பரீட்சையில 'நிரூபி'ன்னு கேட்டா என்ன எழுதறது?

மூடிய 5-க்கு முன்னால் இருப்பதை n என்று வைத்துக்கொள்வோம். அப்போது எண் 10n + 5.

```
(10n + 5)² = 100n² + 2·10n·5 + 25
           = 100n² + 100n + 25
           = 100·n(n + 1) + 25
```

இரண்டாவது வரியில் நடுவில் நிற்கும் 100n-தான் தாளில் நாம் பார்த்த இரண்டு பட்டைகள். அது நூறு நூறாக வந்து நிற்பதற்குக் காரணம், 2 × 5 = 10 என்பது. ஐந்து என்பது பத்தில் பாதி, இரண்டு பாதி சேர்ந்து ஒரு முழுசு. 5-க்குப் பதில் 4 என்றால் நடுவில் 80n வரும், அது நூறுகளோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். மூன்றாவது வரியில் 100-ஆல் பெருக்குவது இரண்டு இடம் தள்ளி எழுதுவதற்குச் சமம். 25 அந்தக் காலி இரண்டு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பின்னால் 25 எழுது' என்று நான் சொன்னது, கணக்கில் 25-ஐக் கூட்டுவதுதான்.

மூணு இலக்க எண்ணுக்கும் வருமா? 205, 995 மாதிரி?

வரும். n ஓர் இலக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்று மேலே எங்கும் சொல்லவில்லையே. 205-க்கு n = 20. 20 × 21 = 420, விடை 42025. 995-க்கு 99 × 100 = 9900, விடை 990025.

ஆனால் n × (n + 1) மனதில் வரும் அளவுக்குத்தான் இது குறுக்குவழி. 685-க்கு 68 × 69 போட வேண்டும். 70 × 68 = 4760, அதில் ஒரு 68 குறைத்தால் 4692, விடை 469225. எனக்கு இது தாளில்லாமல் வரும். பத்து வயதுப் பிள்ளையிடம் நான் கேட்கமாட்டேன்.

அக்கா, கடையில வீசை 3,500, மூன்றரை வீசை வேணும்ங்கிறாங்க. இதுக்கும் அதே கணக்குதானா?

அதேதான், அண்ணே. 3,500 என்பது மூன்றரை ஆயிரம். மூன்றரையை மூன்றரையால் பெருக்கினால் மூன்று நான்கு பன்னிரண்டு, அதோடு அரைக்கு அரை கால். பன்னிரண்டே கால் ஆயிரம், அதாவது 12,250 கியாட். 35-இல் பின்னால் ஒட்டும் 25-உம் இந்தக் காலும் ஒன்றே: நூறில் கால் பங்கு 25.

இதைச் சொன்னபோது திண்ணைத் தாத்தா சிரித்தார். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களின் எண்சுவடியில் வர்க்கங்களுக்கென்றே தனி வாய்பாடு உண்டு, அதற்குக் குழிமாற்று என்று பேர். குழி என்பது நிலத்தின் பரப்பை அளக்கும் அலகு. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குழி காண வேண்டியிருந்ததால் அந்தப் பேர் வந்தது. முழு எண்களுக்குப் பெருங்குழி, அரை கால் போன்ற பின்னங்களுக்குச் சிறுகுழி. அரைக்கு அரை கால் என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடமாக வந்த விஷயம்.

கடையில் தவறு பெரும்பாலும் பூஜ்யத்தில்தான் நடக்கும். வீசை 2,500, இரண்டரை வீசை என்றால் 625 என்பது சட்டென்று வந்துவிடும், அப்புறம் அது 6,250-ஆ 62,500-ஆ என்று தடுமாறுவோம். இரண்டு வீசை 5,000, மூன்று வீசை 7,500. விடை இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும்.

ரெண்டும் 5-ல முடியுது, ஆனா முன்னால இருக்கிறது வேற வேற. 45 × 65 என்ன பண்றது?

முன் எண்கள் 4-உம் 6-உம். பெருக்கினால் 24. இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்தால் 5. 24-உம் 5-உம் 29. பின்னால் 25. விடை 2925. காரணம் மூன்றாவது கேள்வியில் பார்த்த அதே பட்டைகள்தான். இப்போது ஒரு பட்டை 40 × 5, இன்னொன்று 60 × 5, இரண்டும் சேர்ந்து 500.

```
(10a + 5)(10b + 5) = 100ab + 50(a + b) + 25
```

கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்றால் பாதியில் ஓர் அரை தங்கும். வீசை 4,500, மூன்றரை வீசை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 45 × 35. நான்கு மூன்று பன்னிரண்டு, ஏழில் பாதி மூன்றரை, ஆகப் பதினைந்தரை நூறு, 1550. அதோடு 25 சேர்ந்தால் 1575. அந்த அரை நூறுதான் 25-ஐ 75 ஆக்குகிறது. விலை 15,750.

43 × 47-க்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. முன் இலக்கம் இரண்டிலும் ஒரே எண்ணாக இருந்து, கடைசி இலக்கங்கள் கூடிப் பத்தாக வேண்டும். நான்கு ஐந்து இருபது, மூன்று ஏழு இருபத்தொன்று, விடை 2021. நிரூபணத்தில் 5-க்கும் 5-க்கும் பதில் c-யும் d-யும் போட்டு c + d = 10 என்று வைத்துப் பாருங்கள்.

```
(10n + c)(10n + d) = 100n² + 10n(c + d) + cd
                   = 100·n(n + 1) + cd
```

ஐந்தும் ஐந்தும் சேர்ந்து பத்தாவது போலவே மூன்றும் ஏழும் சேர்ந்து பத்தாகிறது. 35 × 35 இந்தக் குடும்பத்தில் ஓர் ஆள், அவ்வளவே.

இதில் விழும் குழி 41 × 49. நான்கு ஐந்து இருபது, ஒன்று ஒன்பது ஒன்பது என்று சொல்லி 209 எழுதுவார்கள். பின்னால் எப்போதும் இரண்டு இடம் வேண்டும், ஆகவே 09 என்று எழுத வேண்டும். விடை 2009. இன்னொன்று, 43 × 57-க்கு இதைப் போடாதீர்கள். 3-உம் 7-உம் பத்துதான், ஆனால் முன்னால் 4-உம் 5-உம் வேறு வேறு.

போட்ட விடை சரியா தப்பான்னு பார்த்த உடனே தெரியுமா?

ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கம் என்றால் நூறாம் இடத்தில் 0, 2, 6 மூன்றில் ஒன்றுதான் இருக்கும். அந்த இடத்தில் நிற்பது n × (n + 1)-இன் கடைசி இலக்கம். அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கிக்கொண்டே போங்கள்: 0, 2, 6, 12, 20, 30, 42, 56, 72, 90. கடைசி இலக்கங்கள் 0, 2, 6 தவிர வேறு வராது. அதற்கு மேல் போனாலும் இதே சுற்றுதான் திரும்ப வரும். யாராவது 75-இன் வர்க்கம் 4925 என்றால், 9-ஐப் பார்த்ததுமே தவறு என்று சொல்லிவிடலாம். ஏழையும் ஏழையும் பெருக்கியிருக்கிறார்.

ஆனால் இந்தச் சோதனை எல்லாத் தவறையும் பிடிக்காது. அதே 'அடுத்த எண்ணை மறந்த' தவறை 45-இல் செய்தால் 1625 வரும், 65-இல் செய்தால் 3625 வரும். இரண்டிலும் நூறாம் இடத்தில் 6, தப்பித்துவிடும். அதனால் அளவையும் பாருங்கள். 45-இன் வர்க்கம் 1600-க்கும் 2500-க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும், 1625 தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரியான விடை 2025.

இது வேத கணிதம்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே? வேதத்துல இருக்காம்மா?

தாத்தா கேட்டது. 'வேத கணிதம்' என்ற பேரில் இந்த முறை பரவியது 1965-இல் வெளிவந்த ஒரு நூலால். எழுதியவர் பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர், நூல் வந்தது அவர் காலமான பிறகு. 'ஏகாதிகேன பூர்வேண', அதாவது முன்னதைவிட ஒன்று கூடியதால், என்ற சூத்திரம் அதில்தான் வருகிறது. கிடைத்திருக்கும் வேத நூல்களில் அந்தச் சூத்திரங்கள் இல்லை.

பழைமை வேண்டும் என்றால் வேறிடத்தில் நன்றாகவே இருக்கிறது. பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் வர்க்கம் காண ஒரு வழி சொல்கிறார். உனக்குப் பிடித்த ஓர் எண்ணை எடுத்துக்கொள். அதைக் கொடுத்த எண்ணோடு ஒருமுறை கூட்டு, ஒருமுறை கழி. இரண்டையும் பெருக்கு. எடுத்த எண்ணின் வர்க்கத்தைச் சேர். 35-க்கு 5-ஐ எடுத்தால் 30 × 40, அதோடு 25. நம் பையன் கத்தரித்து ஒட்டிய செவ்வகம் அப்படியே இருக்கிறது.

அப்போ 5-ல முடியாத எண்ணுக்கும் வழி இருக்கா?

மேலே சொன்ன வழியே போதும். 5-தான் எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, பக்கத்துப் பத்தைத் தொடும் எண் எதுவோ அதை எடுங்கள். 38-க்கு 2 எடுத்தால் 36 × 40 = 1440, அதோடு 4, விடை 1444. 47-க்கு 3 எடுத்தால் 44 × 50 = 2200, அதோடு 9, விடை 2209.

ஐந்துக்கு ஒட்டிய எண் என்றால் இன்னும் சுருக்கம். 36-இன் வர்க்கத்துக்கு 1225-உடன் 35-ஐயும் 36-ஐயும் கூட்டுங்கள், 1296. தாளில் பார்த்தால், 35 சதுரத்தின் ஒரு பக்கம் 35 கட்டமும், அதைச் சேர்த்துக்கொண்ட மறு பக்கம் 36 கட்டமும் ஒட்டுகிறோம்.

5-க்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? வேற எண்ணுக்குக் கிடையாதா?

கேட்டது பதினொரு வயதுப் பெண். நான்காவது பதிலில் 'ஐந்து என்பது பத்தில் பாதி' என்று சொன்னேன் இல்லையா, விடை அங்கேயே இருக்கிறது. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் 5-க்கு இந்த இடம். டஜன் டஜனாக எண்ணினால் இதே இடம் 6-க்குப் போய்விடும்.

ஒன்றரை டஜன் 18. அதன் வர்க்கம் காண 'ஒன்று இரண்டு இரண்டு, பின்னால் ஆறு ஆறு முப்பத்தாறு'. ஆனால் இங்கே அந்த 2 நூறுகளைக் குறிப்பதில்லை, டஜன் டஜன்களைக் குறிக்கிறது, அதாவது 144. அதைக் கடையில் ஒரு குரோஸ் என்பார்கள். இரண்டு குரோஸ் 288, அதோடு 36, மொத்தம் 324. வழக்கமாகப் பெருக்கினாலும் 18 × 18 = 324. அந்தப் பெண் அப்புறம் மூன்றரை டஜனைத் தானே போட்டுப் பார்த்தாள்: மூன்று நான்கு பன்னிரண்டு குரோஸ் 1728, அதோடு 36, மொத்தம் 1764. கடைக்கார அண்ணன் கால்குலேட்டரில் 42 × 42 தட்டி அவளிடம் திருப்பிக் காட்டினார்.